புதுப்பிப்பு: உப்பு கரித்த சாம்பார் சரியானது

என் கேள்வி: "ஒன்றரை லிட்டர் சாம்பார் உப்புக் கரிக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் சரியாகும்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேட்டரிங் அண்ணன் சொன்ன கிண்ணக் கணக்குதான் கைகொடுத்தது. 50 மில்லி சாம்பாரை எடுத்து, சாப்பிடும் சூட்டுக்கு ஆறவிட்டு, 5 மில்லி கரண்டியால் வெந்நீர் சேர்த்து ருசி பார்த்தேன். நான்காவது கரண்டியில் உப்பு சரியாக நின்றது. 50-க்கு 20 என்றால் 1500-க்கு 600 மில்லி. வெறும் தண்ணீர் என்றால் நீர்த்துவிடும் என்பதால், உப்பில்லாமல் வேகவைத்த துவரம்பருப்பைக் கடைந்து அதே அளவு ஊற்றினேன். முதலில் 500, அப்புறம் ருசி பார்த்து மீதி.

எதிர்பாராதது, புளிப்பும் காரமும் சேர்ந்தே இறங்கியது. கொஞ்சம் புளிக்கரைசலும் சாம்பார் பொடியும் சேர்த்து ஒரே கொதியில் இறக்கினேன். நெடுநேரம் கொதித்தால் நீர் வற்றி மறுபடி கரிக்கும். அரை மணி கழித்து உப்பு லேசாக ஏறியது. முருங்கைக்காய் குடித்திருந்த உப்பு வெளியே வந்திருக்கலாம்.

உருளைக்கிழங்கு போடச் சொன்ன அக்காவுக்கு: போட்டுப் பார்த்தேன், கிழங்கு உப்பானது, குழம்பின் கரிப்பு குறையவில்லை. மீன் குழம்புக்குக் கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை, அதில் பருப்பு ஊற்ற முடியாதே.