மோடம் எழும் முன் ரவுட்டர் எழுந்தால்: மூன்று மணி நேரம் வீணான ஓர் இரவு

நள்ளிரவு_ஆட்டம்

சென்ற மாதம் நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இரவில் மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. மோடம், ரவுட்டர், கன்சோல் மூன்றும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. கன்சோலில் இணைப்புச் சோதனையை ஓட்டிப் பார்த்தேன். வீட்டு வைஃபையுடன் இணைந்துவிட்டதாகவும், இணையத்தை மட்டும் எட்ட முடியவில்லை என்றும் அது சொன்னது. குற்றம் கன்சோலில்தான் இருக்கிறது என்று நினைத்து அதை மூன்று முறை அணைத்துப் போட்டேன். வைஃபை கடவுச்சொல்லை அழித்துப் புதிதாகவும் கொடுத்தேன். எதுவும் மாறவில்லை.

கைப்பேசியிலும் இணையம் இல்லை என்பதைக் கவனிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். வெளிப்பக்க முகவரி என்ற இடத்தில் `192.168.100.10` என்று இருந்தது. வழக்கமாக அங்கே இருக்கும் எண் வேறு. மோடத்திலோ எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன.

கடைசியில் மூன்றையும் அணைத்து, மோடத்தை மட்டும் முதலில் போட்டு, அதன் இணைய விளக்கு சிமிட்டுவதை நிறுத்தும் வரை காத்திருந்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அதன் பின் ரவுட்டரையும், வைஃபை வந்த பிறகு கன்சோலையும் போட்டேன். முதல் சோதனையிலேயே எல்லாம் சரியாக இருந்தது. வரிசையை மாற்றியதால் மட்டும் இது ஏன் சரியாயிற்று என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி.

கம்பிக்காரர்

நண்பரே, விடை அந்த `192.168.100.10` என்ற எண்ணிலேயே இருக்கிறது. உங்களுடையது கேபிள் மோடமாக இருக்க வேண்டும். அவ்வகை மோடங்கள் பல, இணைய நிறுவனத்தோடு இன்னும் தொடர்பு ஏற்படாத நிலையில், தம்மோடு இணைந்திருக்கும் கருவிக்குத் தாமே ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்துவிடும். மோடத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தை அப்போதும் திறந்து பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

மின்சாரம் திரும்பியபோது உங்கள் ரவுட்டர் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எழுந்து முகவரி கேட்டிருக்கும். மோடமோ அலைவரிசையைத் தேடிப் பிடித்து, சமிக்ஞையின் வலிமையைச் சரிசெய்து, தன்னை நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளும் வேலையின் நடுவில் இருந்திருக்கும். ஆகவே கையிலிருந்த தற்காலிக எண்ணைக் கொடுத்துவிட்டது. அதன் ஆயுள் மிகக் குறைவு என்பதால், ஒழுங்கான ரவுட்டர் சிறிது நேரத்தில் மறுபடியும் கேட்டு உண்மையான முகவரியைப் பெற்றுவிடும். சில ரவுட்டர்கள் மட்டும் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். கன்சோலை எத்தனை முறை அணைத்தாலும் அந்த எண் மாறப்போவதில்லை, ஏனென்றால் அடைப்பு கன்சோலுக்கு இரண்டு படி மேலே இருந்தது.

ஒவ்வொரு கருவியும் தனக்கு மேலிருப்பதிடம் முகவரி கேட்டுவிட்டு, வந்த விடையை நம்பி வேலை செய்கிறது. மேலே இருப்பது தயாரான பிறகு கீழே இருப்பதை எழுப்பினால் சரியான விடை கிடைக்கும்.

ஒரே_சுவிட்ச்

இவ்வளவு சடங்கு தேவையில்லை என்பது என் கருத்து. மூன்றையும் ஒரே மின்பலகையில் செருகியிருக்கிறேன். கோளாறு வந்தால் பலகையின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுகிறேன். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் முழுதும் வடிவதற்குத்தான் அந்த ஐந்து நிமிடம். பல ஆண்டுகளாக இப்படியே செய்துவருகிறேன். ஒரு முறையும் ஏமாந்ததில்லை.

கம்பிக்காரர்

வடிவதற்குச் சிறிது நேரம் தேவை என்பது சரிதான். ஆனால் அதற்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போதும். உங்கள் ரவுட்டர் சலிக்காமல் திரும்பத் திரும்ப முகவரி கேட்கும் நல்ல வகையாக இருக்கலாம், அல்லது மோடத்தை விட மெதுவாக எழுவதாக இருக்கலாம். அதனால்தான் உங்களுக்கு வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தொலைபேசி இணைப்பும் உள்ள சில மோடங்களுக்குள் மின்கலம் இருக்கும். அவற்றில் மின்கம்பியைப் பிடுங்கினாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்குகள் அணைந்ததைக் கண்ணால் பார்க்காமல் மறுதொடக்கம் ஆயிற்று என்று கொள்ளக் கூடாது.

மூன்றாம்_அறை

என் வீட்டில் மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. மறுதொடக்கம் செய்வதற்காக அதன் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்தினேன். அதன் பிறகு வைஃபையின் பெயரே மாறிவிட்டது. எந்தக் கருவியும் இணையவில்லை. இதையும் வரிசைப்படிதான் செய்திருக்க வேண்டுமா?

கம்பிக்காரர்

அது மறுதொடக்கம் அன்று. எல்லா அமைப்புகளையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகும் துளை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு உள்ளே நுழையுங்கள். உங்கள் இணைப்புக்குப் பயனர் பெயர் தேவைப்படும் என்றால், அதை நிறுவனத்திடம் கேட்டு மீண்டும் உள்ளிட வேண்டியிருக்கும். இனி மின்கம்பியை மட்டும் கழற்றுங்கள். ஒரே பெட்டியாக இருப்பதால் உங்களுக்கு இரண்டே படிகள்தாம்: முதலில் பெட்டி, பிறகு கன்சோல்.

வலதுகை_வீரி

கன்சோல் ஏன் கடைசி என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் ரவுட்டரை மட்டும் மறுதொடக்கம் செய்தேன். கன்சோல் அப்போது உறக்க நிலையில் இருந்தது. அதை எழுப்பியபோது இணையம் கிடைத்தது, விளையாட்டும் திறந்தது. ஆனால் தோழிகளின் குரல் கேட்கவில்லை, அமைப்புப் பக்கத்தில் `NAT Type: Strict` என்று இருந்தது. முந்தைய நாள் வரை அது `Open` ஆக இருந்தது.

பிறரிடமிருந்து நேராக வரும் இணைப்புகளை ஏற்பதற்காக, போர்ட் என்னும் ஒரு வாசலைத் திறந்துவைக்குமாறு கன்சோல் ரவுட்டரிடம் கேட்டு வாங்கியிருக்கும். அந்தக் குறிப்பு ரவுட்டரின் நினைவகத்தில் மட்டுமே இருந்ததால், அது அணைந்தவுடன் அழிந்துவிட்டது. உறங்கிக்கொண்டிருந்த கன்சோலுக்கு இது தெரியாது. வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்றே நினைத்திருக்கிறது. கன்சோலை முழுமையாக அணைத்துப் போட்ட பிறகு புதிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. என்னுடைய எக்ஸ்பாக்ஸில் முன்பக்கப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுமையாக அணைகிறது. ஒரு முறை தட்டினால் உறக்க நிலைக்குப் போகலாம்.

கம்பிக்காரர்

மிகச் சரியாகச் சொன்னீர்கள். முகவரியிலும் இதே போன்ற சிக்கல் வருவதுண்டு. எந்த எண்ணை யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தொலைத்த ரவுட்டர், உறங்கும் கன்சோலின் எண்ணை ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டால், கன்சோல் எழுந்ததும் இரண்டும் மோதிக்கொள்ளும்.

தினமும்_அணைப்பவன்

எனக்கு எல்லாம் முறைப்படி செய்தும் இரண்டு நாளுக்கு ஒரு முறை இணைப்பு அறுந்துவிடுகிறது. மோடம், இரண்டு நிமிடம், ரவுட்டர், இரண்டு நிமிடம், கன்சோல் என்று கடிகாரம் பார்த்துச் செய்கிறேன். உடனே சரியாகிறது; மறுபடியும் போய்விடுகிறது.

கம்பிக்காரர்

கடிகாரத்தை விட்டுவிட்டு விளக்கைப் பாருங்கள். சில நாள் மோடத்துக்கு இரண்டு நிமிடம் போதாது. ஆயினும் உங்கள் சிக்கல் வரிசையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மறுதொடக்கம், குழம்பிப்போன நினைவைத்தான் துடைக்கும். தளர்ந்த இணைப்பு முனையையோ, பழுதான கம்பியையோ, சூடேறும் பெட்டியையோ அது சரிசெய்யாது. அடுத்த முறை அறுந்தவுடன் எதையும் அணைக்காதீர்கள். அணைத்தால் தடயம் போய்விடும். மோடத்தின் இணைய விளக்கு அப்போது நிலையாக எரிகிறதா, சிமிட்டுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். சிமிட்டினால் கோளாறு வெளியிலிருந்து வரும் கம்பியின் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். நிலையாக எரிந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்கலாம்.

தினமும்_அணைப்பவன்

நேற்று இரவு அறுந்தபோது பார்த்தேன். விளக்கு நிலையாகத்தான் எரிந்தது. ஆனால் ரவுட்டரை மட்டும் அணைத்துப் போட்டபோது இணையம் வரவில்லை; மோடத்தையும் அணைத்த பிறகே வந்தது.

கம்பிக்காரர்

அப்படியானால் நான் சொன்ன பிரிவு உங்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்த முறை ரவுட்டரின் பக்கத்தில் வெளிப்பக்க முகவரி என்னவாக இருக்கிறது என்பதையும் பார்த்து, அந்த எண்ணின் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் இங்கே எழுதுங்கள்.