கழிக்க மறுக்கும் தேதிகள்: பிழை காட்டும் வரிசைகளை மட்டும் திருத்தினால் போதுமா?

கிடங்குப்பதிவு:
ஆர்டர் தேதி B நெடுவரிசையிலும் டெலிவரி தேதி C நெடுவரிசையிலும் உள்ளன. இடைப்பட்ட நாட்களை அறிய `=C2-B2` என்று எழுதினால் பல வரிசைகளில் `#VALUE!` வருகிறது, மற்றவற்றில் எண் வந்துவிடுகிறது. செல்களின் ஃபார்மேட்டை Date என்று மாற்றியும் பயனில்லை. தரவு வேறொரு மென்பொருளிலிருந்து .csv கோப்பாக வந்தது. அதை நேரடியாக எக்செலில் திறந்தேன். என்ன செய்வது?

நெடுங்கணக்கு:
பிழை வரும் செல்களில் இருப்பது தேதி அன்று, தேதியைப் போலத் தோன்றும் எழுத்துகள். எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். அதனால்தான் அதைக் கழிக்க முடிகிறது. ஃபார்மேட் என்பது அந்த எண்ணை எப்படிக் காட்டுவது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. எழுத்தை எண்ணாக மாற்றும் வேலை அதனுடையது அன்று. கீழுள்ள ஃபார்முலாவைப் பக்கத்து நெடுவரிசையில் போட்டு இழுத்துவிடுங்கள். C நெடுவரிசைக்கும் இதே போலச் செய்யுங்கள். வேலை முடிந்தது.

```
=DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2))
```

பொடிநடை:
கேள்வி கேட்டவருக்கு விடை 04-01-1900 போன்ற பழைய தேதியாக வருகிறது என்று புரிந்துகொள்கிறேன். விடை செல்லின் ஃபார்மேட்டை General ஆக்கினால் 4 என்று சரியாகத் தெரியும்.

கிடங்குப்பதிவு:
இல்லை ஐயா, எனக்கு வருவது `#VALUE!` தான். நெடுங்கணக்கு அவர்கள் தந்த ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். பிழை காட்டிய தேதிகள் சரியாகிவிட்டன. ஆனால் இதுவரை ஒழுங்காக இருந்த ஒரு தேதிக்கு 5416ஆம் ஆண்டு ஏப்ரல் 14 என்று விடை வந்திருக்கிறது!

நெடுங்கணக்கு:
அந்த செல்லில் ஏற்கெனவே உண்மையான தேதி இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது 45415 என்ற எண்; அதன் கடைசி நான்கு இலக்கங்களான 5415-ஐ ஆண்டாகவும், நான்காம் இலக்கத்திலிருந்து தொடங்கும் 15-ஐ மாதமாகவும், முதலிலுள்ள 45-ஐ நாளாகவும் ஃபார்முலா எடுத்துக்கொண்டுவிட்டது. எண்ணாக இருப்பவற்றைத் தொடாமல் விடும்படி ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

```
=IF(ISNUMBER(B2),B2,DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

வைகறை:
இந்த இடத்தில்தான் நான் மறுக்கிறேன். 45415 என்பது 2024 மே 3. கிடங்குப்பதிவு அவர்களே, அந்த ஆர்டர் உண்மையில் மே மாதம் வந்ததா? மூலக் கோப்பை நோட்பேடில் திறந்து, அதே வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதல் மூன்று வரிசைகளை அப்படியே இங்கே ஒட்டினால் நல்லது.

கிடங்குப்பதிவு:
நோட்பேடில் இருப்பது இதுதான். எல்லாம் பிப்ரவரி, மார்ச் மாதத்து ஆர்டர்கள். மே மாதத்து ஆர்டர் ஒன்றுகூட இதில் இல்லை.

```
05/03/2024,18/03/2024
05/03/2024,09/03/2024
28/02/2024,04/03/2024
```

எக்செலில் முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் `#VALUE!` வந்தது; இரண்டாம் வரிசைக்கு 123 வந்தது. தாமதமான டெலிவரி என்று எண்ணி அந்த 123-ஐ நான் பொருட்படுத்தவில்லை.

வைகறை:
அந்த 123 தான் இந்தத் தாளின் உண்மையான நோய். `#VALUE!` அதன் வெளி அறிகுறி மட்டுமே. உங்கள் கணினி மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது, கோப்போ நாளை முதலில் எழுதுகிறது. .csv கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் யாரையும் கேட்காமல், கணினியின் வழக்கப்படியே ஒவ்வொரு தேதியையும் படித்துப் பார்க்கிறது. 18/03/2024 என்பதைப் பார்த்ததும் பதினெட்டாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடுகிறது. 05/03/2024 என்பதை மே 3 என்றும், 09/03/2024 என்பதை செப்டம்பர் 3 என்றும் முழு நம்பிக்கையோடு மாற்றிவிடுகிறது. மே 3 முதல் செப்டம்பர் 3 வரை 123 நாட்கள்; உண்மையில் மார்ச் 5 முதல் மார்ச் 9 வரை 4 நாட்கள்தான். ஆக, கழிக்க மறுக்கும் செல்களில் உள்ள தகவல் பழுதின்றி அப்படியே இருக்கிறது. சொன்னபடி கேட்கும் செல்கள்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

நெடுங்கணக்கு தந்த இரண்டாவது ஃபார்முலா இதை இன்னும் மோசமாக்கும். மூன்றாம் வரிசையைப் பாருங்கள்: எழுத்தாக இருந்த 28/02/2024 சரியான பிப்ரவரி 28 ஆகிவிடும், ஆனால் டெலிவரித் தேதி ஏப்ரல் 3 ஆகவே நிற்கும். விடை 35 நாட்கள் என்று வரும். சரியான விடை 5. 123-ஐக் கண்டு ஒருவர் ஐயப்படக்கூடும், 35-ஐக் கண்டு யார் ஐயப்படுவார்கள்?

நெடுங்கணக்கு:
கேட்கப்பட்ட கேள்வி `#VALUE!` பற்றியது. அதற்கு என் ஃபார்முலா சரியான விடைதான். இறக்குமதி தவறாக நடந்தது என்பது தனிச் சிக்கல். மேலும், திரையில் 5/3/2024 என்றுதானே தெரிகிறது? படிப்பவர் அதை மார்ச் 5 என்றே எடுத்துக்கொள்வார்.

வைகறை:
கண்ணால் பார்ப்பதற்கு அது பொருந்தும், கழித்தலுக்குப் பொருந்தாது. ஆனாலும் நீங்கள் தட்டச்சிட்டதிலேயே ஒரு தடயம் இருக்கிறது: கோப்பில் 05/03/2024 என்று இருந்தது திரையில் 5/3/2024 ஆகிவிட்டது. முன்னாலிருந்த சுழியங்கள் காணாமல் போயிருந்தால் எக்செல் அந்த செல்லைத் தேதியாக மாற்றிவிட்டது என்று பொருள். 18/03/2024 என்பதில் 03 அப்படியே நிற்கிறது என்றால் அது இன்னும் எழுத்துதான். யாரும் சீரமைப்பை மாற்றாதிருந்தால் எழுத்து செல்லின் இடப்பக்கமும், தேதி வலப்பக்கமும் ஒட்டியிருக்கும். நெடுவரிசையை அகலமாக்கினால் இந்த இரண்டு கரைகளும் பளிச்சென்று தெரியும்.

கண்ணை நம்ப விருப்பமில்லையென்றால், காலியான ஒரு நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(ISNUMBER(B2),DAY(B2),"")
```

தேதியாக மாறிய செல்களில் ஒன்றிலாவது 12-க்கு மேற்பட்ட நாள் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இறக்குமதியான மாதக் கணக்கில் 1 முதல் 31 வரை எல்லா நாட்களும் கலந்து வரும். உங்கள் தாளிலோ 2, 3 ஆகிய இரண்டு எண்களே மீண்டும் மீண்டும் வரும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் பிப்ரவரியும் மார்ச்சும் நாளின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன.

சிறுதுளை:
எனக்கும் இதே துன்பம்தான், ஒரு வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த அட்டவணையில் வந்தது. `TRIM` போட்டும் தீரவில்லை. தேதிக்குப் பத்து எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் `LEN` 11 என்று காட்டியது. வலைப்பக்கங்களில் வரும் உடையா இடைவெளி தேதியின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது; `TRIM` அதை நீக்குவதில்லை. கீழுள்ளதைப் போட்ட பிறகே தீர்ந்தது. கிடங்குப்பதிவு அவர்களும் இதையே செய்து பார்க்கலாம்.

```
=SUBSTITUTE(B2,CHAR(160),"")
```

வைகறை:
பயனுள்ள குறிப்பு, ஆனால் அது வேறு வகை. உங்கள் தாளில் எல்லாத் தேதிகளுமே எழுத்தாகத்தான் இருந்திருக்கும். இவருடையதில் 12-க்கு உட்பட்ட நாட்கள் தேதியாகவும், அதற்கு மேற்பட்டவை எழுத்தாகவும் பிரிந்து நிற்கின்றன. ஒட்டிய இடைவெளி நாள் எண்ணைப் பார்த்து ஒட்டுவதில்லை. கோப்பிலும் எண்ணுக்குப் பின் உடனே காற்புள்ளிதான் இருக்கிறது.

பொடிநடை:
இவ்வளவு பேச்சு எதற்கு? விண்டோஸில் ரீஜன் அமைப்பை நாள் முதலில் வரும் முறைக்கு மாற்றிவிட்டால் எல்லாம் தானே சரியாகாதா?

வைகறை:
கோப்பைத் திறப்பதற்கு முன் மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். இப்போது மாற்றினால் 45415 என்ற எண் மாறாது. 5/3/2024 என்று காட்டிக்கொண்டிருந்த செல் 03/05/2024 என்று காட்டும், அவ்வளவுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. கழித்தல் குறியின் இரு பக்கமும் எழுத்து இருந்தாலும், கணினியின் வழக்கப்படி அது தேதியாகப் படிக்கத்தக்கது என்றால் எக்செல் அந்தக் கணக்கிற்கு மட்டும் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். எனவே அமைப்பை மாற்றிக் கணக்கை மீண்டும் ஓடவிட்டால் முதல் வரிசையில் `#VALUE!` மறைந்து, அந்த இடத்தில் -46 வந்து நிற்கும். அங்கே குறை எதிர்மறை எண்ணாக வருவதால் பிடிபட்டுவிடும். மூன்றாம் வரிசையில் மேலே சொன்ன அதே 35 தான் வரும். `MAX`, `SUM` போன்றவை அந்த எழுத்துச் செல்களை அப்போதும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.

நெடுங்கணக்கு:
சரி, மாறிப்போனவற்றை மாற்றிப் போடுவதும் ஒரே வரிதானே. எண்ணாக இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுவோம், எழுத்தாக இருந்தால் பிரித்துக் கட்டுவோம். மறுபடியும் இறக்குமதி செய்யத் தேவையே இல்லை.

```
=IF(ISNUMBER(B2),DATE(YEAR(B2),DAY(B2),MONTH(B2)),DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

கிடங்குப்பதிவு:
வைகறை சொன்ன சோதனையைச் செய்தேன். பெரும்பாலும் 2, 3 ஆகிய எண்கள்தான் வருகின்றன. ஆனால் மூன்று வரிசைகளில் மட்டும் 27 வருகிறது. கோப்பில் விடுபட்ட சில ஆர்டர்களை உடன் பணிபுரிபவர் பிறகு கையால் சேர்த்தார். இவை அவையாக இருக்கலாம். நெடுங்கணக்கு அவர்களின் புதிய ஃபார்முலா அந்த மூன்றையும் 2026 மார்ச் 3 ஆக்கிவிடுகிறது.

வைகறை:
ஆகும். 27-ஆம் மாதம் என்று கேட்டால் `DATE` மறுப்புச் சொல்லாது; இரண்டு ஆண்டுகளைத் தாண்டி மூன்றாம் மாதத்தைக் கொடுத்துவிடும். இந்த மூன்றும் கண்ணில் பட்டுவிட்டன. அவர் கையால் மார்ச் 6 என்று சரியாக உள்ளிட்ட ஒரு வரிசை இருந்தால், இடமாற்றம் அதை ஜூன் 3 ஆக்கிவிடும்; செல்லில் உள்ள எண்ணை மட்டும் வைத்து அதைத் தவறாகப் படித்த தேதிகளிலிருந்து பிரித்தறிய வழியில்லை. தாளில் கைபடாதவரைதான் அந்த ஒருவரி ஃபார்முலா செல்லும்.

ஆகவே மூலக் கோப்பிற்குத் திரும்புங்கள். வெற்றுத் தாளில் Data பட்டியிலிருந்து From Text/CSV வழியாக அதைத் திறந்து, Transform Data என்பதை அழுத்துங்கள். வலப்பக்கப் பட்டியலில் Changed Type என்று ஒரு படி தானாகச் சேர்ந்திருந்தால் அதை முதலில் நீக்கிவிடுங்கள். தேதிகளைத் தவறாக மாற்றக்கூடியது அந்தப் படிதான். பிறகு நெடுவரிசைத் தலைப்பின் வகைக் குறியை அழுத்தி, Using Locale என்பதில் Date-ஐயும் நாளை முதலில் எழுதும் ஏதேனும் ஒரு நாட்டையும் தேர்ந்தெடுங்கள். English (United Kingdom) போதுமானது. பழைய பதிப்பு என்றால், கோப்பின் .csv என்ற ஈற்றை .txt ஆக்கி எக்செலில் திறந்தால் இறக்குமதி வழிகாட்டி வரும். அதன் மூன்றாம் படியில் இரண்டு நெடுவரிசைகளுக்கும் Date என்பதில் DMY கொடுங்கள்.

நெடுங்கணக்கு:
மூலக் கோப்பு கையில் இல்லாதவர்களுக்கு இது உதவாது. பெரும்பாலானோருக்கு வந்து சேர்வது, யாரோ திறந்து சேமித்துவிட்ட தாள்தான். அங்கே என் இடமாற்ற ஃபார்முலாவைத் தவிர வேறு என்ன வழி இருக்கிறது?

வைகறை:
வேறு வழி இல்லாத இடத்தில் அதையே பயன்படுத்தலாம், மறுக்கவில்லை. ஆனால் பழைய நெடுவரிசையை அழிக்காமல் அருகிலேயே வைத்திருங்கள். டெலிவரி தேதி ஆர்டர் தேதிக்கு முந்தியதாக வரும் வரிசைகளையும், தரவின் கால எல்லைக்கு வெளியே விழும் வரிசைகளையும் வடிகட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த வடிகட்டிக்கும் தப்பிக்கும் சில வரிசைகள் இருக்கக்கூடும்.

கிடங்குப்பதிவு:
மறு இறக்குமதி செய்துவிட்டேன். மூன்று வரிசைகளுக்கும் 13, 4, 5 என்று வருகின்றன. `#VALUE!` எங்கும் இல்லை. கையால் சேர்த்த ஆர்டர்கள் மூலக் கோப்பில் இல்லாததால், பழைய தாளோடு ஆர்டர் எண்ணை ஒப்பிட்டுத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் நான்கு வரிசைகளில் நாளும் மாதமும் 12-க்குள் இருக்கின்றன. தட்டச்சு செய்தவர் எந்த வரிசைமுறையை மனத்தில் வைத்திருந்தார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும். அவர் விடுப்பில் இருக்கிறார்.