ஒழுகுது என்று திரும்பி வந்த பானை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

வெண்ணாற்றுக்காரி
மண்பானை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இங்கே இருப்பதால் எழுதுகிறேன். நாங்கள் திருவாரூர் பக்கம். அப்பா சக்கரத்தில், நான் போனில். உடைந்து போகும் பார்சல் கதை எல்லோரிடமும் இருக்கும், அதை விடுங்கள். உடையாமல் திரும்பி வந்த ஒரு பானைதான் இன்னும் உறுத்துகிறது.

குழாய் வைத்த எட்டு லிட்டர் தண்ணீர்ப் பானை, சென்னைக்குப் போனது. போய்ச் சேர்ந்த மறுநாளே போன். "ஏம்மா, பானை ஒழுகுது. என் டீப்பாய் ஊறி உப்பிப்போச்சு." படத்தில் விரிசல் எதுவும் தெரியவில்லை. பானையை வரவழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போக வரக் கூரியர் செலவு பானை விலையைத் தாண்டிவிட்டது.

அப்பா பெட்டியைப் பிரித்ததும் விரலை மடக்கித் தட்டினார். கணீரென்றது. விரிசல் விட்ட பானை செத்த சத்தம் கொடுக்கும். அதோடு விடவில்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடுப்புச் சாம்பலை வெளிப்பக்கம் முழுக்க மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்தார். மயிரிழை விரிசல் இருந்தால் முதலில் அந்த இடம் மட்டும் கோடாகக் கறுக்கும். குழாய் வாஷர் சரியில்லையென்றால் குழாயைச் சுற்றிக் கறுக்கும். இதில் இரண்டும் இல்லை. சாயங்காலத்துக்குள் பானை முழுக்க ஒரே சீராக நிறம் மாறியிருந்தது. "வேர்த்திருக்கு தாயி, ஒழுகலை" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதை வீடியோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "வேர்க்கும்னு எங்கேம்மா எழுதியிருந்தே?"

நியாயமான கேள்விதானே. எங்கள் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஏனென்றால் பானை எப்போதும் மணல் மேல் உட்கார்ந்திருக்கும், கசிகிற தண்ணீரை மணல் குடித்துவிடும். டீப்பாய் எங்கே குடிக்கும்?

இப்போது விற்பனைப் பக்கத்தில் ஈரம் பூத்த பானையின் படமே முதலில் இருக்கிறது. அடியில் வைக்க மண் தட்டும் சேர்த்து அனுப்புகிறேன். விரிசல் என்று படம் வந்தால் பணத்தைத் திருப்பிவிடுகிறேன், பானையை அனுப்ப வேண்டாம், செடி வையுங்கள் என்கிறேன். குழாய் கசிந்தால் வாஷரைத் தபாலில் போட்டு, போனிலேயே மாட்டச் சொல்லித்தருகிறேன். நட்டைக் கையால் முறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் துளையைச் சுற்றி விரிசல் விட்டுப்போகும். ஆனால் பிழையே இல்லாத பானை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் கூரியர் காசு யார் தலையில்? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மீன்குழம்புப்பிரியன்
எனக்கும் இதே அநியாயம் நடந்தது சகோதரி. ஆன்லைனில் மீன்சட்டி வாங்கினேன். அயிரை மீன் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது, சுண்டிவிட்டதே என்று குழாயிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து ஊற்றினேன். டப்பென்று ஒரு சத்தம். அடுப்பெல்லாம் குழம்பு, மீன் பர்னருக்குள். விற்றவரிடம் சொன்னால் "கொதிக்கிற சட்டியில் பச்சைத்தண்ணி ஊத்தினா யார் சட்டியா இருந்தாலும் விடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நீங்களாவது பணம் கொடுக்கிறீர்கள்.

ஆடுதுறை அண்ணன்
மீன்குழம்பு தம்பி, அது ரிட்டர்ன் கேஸே இல்லை. உங்கள் வீட்டுக் கேஸ்.

தங்கச்சிக்குச் சொல்கிறேன், இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். என் மாமனாருக்கும் பானை வியாபாரம்தான். சந்தையில் வாங்கிக்கொண்டு போனவர் யாராவது பானையைத் திருப்பிக் கொண்டுவந்ததுண்டா? தட்டிப் பார்த்து வாங்கு, போ, அவ்வளவுதான். நீங்களும் "ரிட்டர்ன் கிடையாது" என்று பெரிதாகப் போட்டுவிடுங்கள். சிஓடியை நிறுத்துங்கள், வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பி வரும் பார்சல் பாதி குறையும். அப்புறம் பானைக்கு உள்ளே ஒரு கை பெயிண்டோ வார்னிஷோ அடித்துவிட்டால் வேர்வைப் பேச்சே இருக்காது. பெட்டிக்குள் வைக்கோல் நிறையத் திணியுங்கள், காசு இல்லாமல் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் எப்படியும் பானை காயாது, சூளை போட முடியாது, அப்போது கடையை மூடிவிட்டுப் பொங்கலுக்குத் திறங்கள். இன்னொன்று, பெண்பிள்ளை போன் நம்பரைப் பெட்டி மேல் எழுதாதீர்கள்.

பார்சல் புக்கிங்
அண்ணே, சிஓடி பற்றிச் சொன்னது சரி. மற்றதில் பாதி தப்பு. குடிக்கிற தண்ணீர் நிற்கும் பானைக்குள் பெயிண்டா? அது குடிக்கிறதுக்கு ஆகாது. வேர்வையை அடைத்தால் தண்ணீர் குளிரவும் செய்யாது, அப்புறம் எதற்கு மண்பானை? "ரிட்டர்ன் கிடையாது" என்ற போர்டும் செல்லாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி பழுதான பொருளையும், விற்பனைப் பக்கத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் தங்கச்சி வேர்வையைப் படத்தோடு முன்னாலேயே சொல்லிவிட்டது பெரிய பாதுகாப்பு.

வைக்கோலும் ஈரம் இருந்தால் பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மழைக்காலத்தில் நான் புக் செய்த ஒரு பார்சலை வாங்கினவர் பிரித்துக் காட்டின வீடியோவை மறக்க முடியாது. பானை முழுசு, மேலெல்லாம் பச்சைப் பூஞ்சை.

உங்கள் நஷ்டம் எடையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. பானை நாலு கிலோ இருக்கலாம். பெட்டி நாற்பது சென்டிமீட்டர் நீள அகல உயரம் என்றால், மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள், 12.8 கிலோ வரும். அதற்குத்தான் காசு. நான் பார்த்த கூரியர்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஆனால் பெட்டியைச் சுருக்கினால் பானை போய்விடும், பெட்டிக்குள் பெட்டி வைத்து நாலு பக்கமும் இரண்டு விரற்கடை இடம் விட்டே ஆகவேண்டும். பதிலாக வாய் அகலமான பானைக்குள் சட்டி, மூடி என்று வைத்து ஜோடியாக விற்றுப் பாருங்கள். ஒரே கூரியர் காசில் இரண்டு மூன்று சாமான் போகும்.

கோவை வாசகி
நானும் இதே மாதிரிப் பானைதான் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு கீழே விழுந்ததில்லை. அந்தச் சென்னை அம்மா பணத்துக்காகக் கதை விட்டிருப்பார் என்றே தோன்றுகிறது.

வெண்ணாற்றுக்காரி
அக்கா, அவரைப் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர்க் காற்று உலர்ந்தது, கசிகிற தண்ணீர் கீழே வருவதற்குள் காற்றோடு போய்விடும். பானையும் நன்றாகக் குளிரும். கடற்கரை ஊரில், காற்றே வராத ஹாலில் வைத்தால் ஈரம் காய வழியில்லை, இறங்கிச் சொட்டத்தான் செய்யும். இப்போது யார் வாங்கினாலும் எந்த ஊர், பானையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஜன்னலோரம் இடம் இல்லை என்றால் தண்ணீர்ப் பானை வேண்டாம், தயிர்ச்சட்டி வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பார்சல் அண்ணா, ஜோடி விற்பனை யோசனையை அப்பாவிடம் சொன்னேன். உள்ளே வைக்கிற சட்டி ஆடி ஆடிப் பானையையே உடைக்கும் என்கிறார். ஒன்று கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஆடுதுறை அண்ணன்
பெயிண்ட் வேண்டாம் என்றால் சரி. ஆனால் பிழை இல்லாத பானைக்குக் கூரியர் காசு வாங்கினவர்தான் கொடுக்கணும், அதில் நான் மாற மாட்டேன்.

பார்சல் புக்கிங்
போகிற காசு தங்கச்சியுடையது, வருகிற காசு அவர்களுடையது. நான் பார்க்கிற சின்னக் கடைகள் பல அப்படித்தான் எழுதிவைக்கின்றன. அதையும் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

கோவை வாசகி
அந்த அம்மா டீப்பாய்க்கும் காசு கேட்டாரா?

வெண்ணாற்றுக்காரி
கேட்டார். அப்பா கொடுக்கக் கூடாது என்கிறார், அம்மா பாதியாவது கொடு என்கிறார். நான் இன்னும் பதில் போடவில்லை.