பிஎல்சி, ஸ்காடா, கமிஷனிங் மூணும் போட்டிருக்கு. இந்த ரெஸ்யூமே தேறுமா? அவசரம்

மணலி எச்ஆர்: மணலியில ஒரு டேங்க் ஃபார்முக்கு ஆட்டோமேஷன் இன்ஜினியர் எடுக்கறோம். கேட்ட மூணும் ரெஸ்யூமேல இருக்கு, 4 வருஷ அனுபவம். கூப்பிடலாமா? நாளைக்குள்ள சொல்லணும்.

எண்ணூர் வயர்மேன்: உங்க ப்ளான்ட்ல என்ன பிஎல்சி ஓடுதுங்க? அவர் வேலை பார்த்தது பேனல் கட்டுற இடத்துலயா, சைட்லயா?

பழைய கை: என்ன வேணும்னே எழுதாம ரெஸ்யூமேவை எடை போட வந்தா இப்படித்தான். பழைய இழைகளைப் படிச்சுட்டு வாங்க.

மணலி எச்ஆர்: மன்னிக்கணும். S7-1500, WinCC. ரெஸ்யூமேல S7-300, S7-1200, அப்புறம் ஆலன் பிராட்லி, மிட்சுபிஷி, டெல்டா. கீழ 'சுத்திகரிப்பு நிலைய கமிஷனிங்கில் பங்கேற்பு'ன்னு ஒரே வரி.

மாதவரம் டிப்ளமோ: லேடர் தெரிஞ்சா எந்த பிராண்டும் ஒண்ணுதான். கூப்பிடுங்க.

லூப்செக்: லாஜிக் வரைக்கும் சரி. ஆனா S7-1500-ஐ TIA Portal-லதான் பண்ண முடியும். S7-1200-உம் அதுலதான், அதனால அந்த அனுபவம் இவருக்குப் பலம். அஞ்சு பிஎல்சிக்கும் எதிரே ப்ராஜெக்ட், ஐஓ எண்ணிக்கை இருக்கா? டிராஃபிக் சிக்னலும் லிஃப்ட்டும் மட்டும்னா அநேகமா பயிற்சி கிட்.

எனக்கு உறுத்தறது 'பங்கேற்பு'. ஒர்க்‌ஷாப்புல பேனல் டெஸ்ட் பண்ணதையும் கமிஷனிங்னு எழுதறாங்க. போன்ல கேளுங்க: 0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், 4–20 மில்லிஆம்ப். 12 மில்லிஆம்ப் கொடுத்தா பிஎல்சில என்ன எண் வரும்? சீமென்ஸ்ல முழு ரேஞ்ச் 0–27648, அதனால 13824. ஸ்கிரீன்ல 5 பார். இதைப் படிச்சும் சொல்லிடலாம். அடுத்த கேள்விதான் முக்கியம்: 13824 சரியா வருது, ஸ்கிரீன் 8 பார் காட்டுது, எங்க பார்ப்பீங்க? வயரிங்கைத் தொடாம, ஸ்கேலிங்ல மேல் எல்லை 10-க்குப் பதில் 16-னு கிடக்கான்னு பார்க்கறவர் சைட்ல நின்னவர்.

ஸ்காடாவும் அப்படித்தான். டச் பேனல்ல நாலு ஸ்கிரீன் வரைஞ்சதை ஸ்காடான்னு போட்டிருக்காரா, இல்ல சர்வர், அலாரம், ட்ரெண்ட் பண்ணியிருக்காரான்னு கேளுங்க.

எண்ணூர் வயர்மேன்: S7-300 அனலாக் கார்டு பலதுல பக்கவாட்டுல ஒரு சின்ன கட்டை இருக்கும், பிடுங்கித் திருப்பிச் செருகணும். டூ வயருக்கு D, ஃபோர் வயருக்கு C. கையால மாட்டினவருக்கு மறக்காது. அதையும் கேளுங்க.

பழைய கை: S7-1200-ல அந்தக் கட்டையே கிடையாது. அதை வச்சு ஆளைக் கழிச்சுடாதீங்க.

மாதவரம் டிப்ளமோ: நான் மிட்சுபிஷில 3 வருஷம். டிப்ளமோ எடுப்பீங்களா, பிஇ மட்டுமா?

பழைய கை: கமிஷனிங்குக்கு பிஇ கேட்கறதே தப்பு.

எண்ணூர் வயர்மேன்: அப்படிச் சொல்லிட முடியாதுங்க. லூப் ஷீட், அலாரம் லிஸ்ட் எல்லாம் எழுதி கிளையன்ட்கிட்ட கையெழுத்து வாங்கணும்.

பழைய கை: டிப்ளமோக்காரருக்கு எழுத வராதா?

மணலி எச்ஆர்: பேசிட்டேன். 13824 உடனே சொன்னார். 8 பாருக்கு டிரான்ஸ்மிட்டரை மாத்துவேன்னார். S7-1200 வேலை சைட்லதானாம், 96 ஐஓ. வியாழக்கிழமை நேர்ல வர்றார்.

லூப்செக்: கார்டுல எண் சரியா இருக்கறப்போ டிரான்ஸ்மிட்டர் மேல ஏன் சந்தேகம்னு நேர்ல கேட்டுப் பாருங்க. அவரே யோசிச்சுத் திருத்திக்கிட்டா எடுக்கலாம்.