வர்ணனை மேசைச் சண்டைக்கு என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். பழைய அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். மேடையில் நடக்கும் சண்டைக்குச் சொல் கிடைத்துவிடுகிறது. மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு வர்ணனையாளர்கள் தங்களுக்குள் ஒரு சண்டை போடுகிறார்களே, அதற்குத்தான் சொல் இல்லை. ஒருவர் நியாயம் பேசுவார், மற்றவர் வில்லன் பக்கம் நிற்பார், நிகழ்ச்சி முடியும்வரை ஏசிக்கொண்டே இருப்பார்கள். "போலிச் சண்டை" என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் தங்கை, "என்னண்ணே, கள்ளநோட்டு மாதிரி இருக்கு" என்றாள். சரிதான். ஆளை ஏமாற்றினால்தானே போலி? இங்கே ஏமாறுகிறவர் யாருமில்லையே. வேறு சொல் சொல்லுங்கள்.

தென்காசியிலிருந்து:

தம்பி, அதுக்கு அவங்களே "கேஃபேப்"னு ஒரு சொல் வச்சிருக்காங்க. வர்ணனையாளர் சண்டைன்னுதான் அதுக்கு அர்த்தம். அப்படியே தமிழில் எழுதிட்டுப் போங்க. காபி, பஸ் எல்லாம் வரலையா?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தென்காசி அண்ணாச்சி சொல்வது பாதி சரி. கேஃபேப் என்பது, நடிப்பை நிஜம்போலவே காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அந்தத் தொழிலின் மொத்தக் கட்டுப்பாடு. எதிரிகளாக நடிப்பவர்கள் வெளியூர் போனாலும் ஒரே காரில் போகக்கூடாது, ஒன்றாகச் சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் அதில் சேர்த்தி. மேசைச் சண்டை அதில் ஒரு மூலைதான். 1989இல் நியூஜெர்சி சட்டமன்றத்தில், இது போட்டியல்ல, கேளிக்கை என்று மல்யுத்தம் நடத்தும் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் மேசைச் சண்டையின் ருசி குறையவில்லை. ஆக, ரகசியத்தில் இல்லை அந்த ருசி.

நான் கேபிள் டிவி நடத்தியவன். கேசட் தேயத் தேயப் பார்த்தது 1992 ராயல் ரம்பிள். ஆல்பனி நகரம், ஒருவர்பின் ஒருவராக உள்ளே வரும் 30 பேர், கடைசியில் நிற்பவருக்குக் காலியாக இருந்த சாம்பியன் பட்டம். மேசையில் கொரில்லா மான்சூனும் பாபி ஹீனனும். ஹீனன்தான் வில்லன் பக்கம். அவருடைய ஆள் ரிக் ஃபிளேர் மூன்றாவதாகவே உள்ளே வந்துவிடுகிறார். கடைசிவரை நிற்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் அடி தாங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் ஹீனன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு பேசுகிறார்.

நடுவில் ராடி பைப்பர் வருகிறார், ஃபிளேருக்கு ஜென்ம விரோதி. ஸ்காட்லாந்துக்காரர்போலக் கில்ட் கட்டி வரும் ஆள். அதைப் பாவாடை என்று சொல்லிக் கேலி பண்ணுவது ஹீனனின் வழக்கம். அடுத்து வந்த ஜேக் ராபர்ட்ஸ் ஃபிளேரைத் தலைகுப்புறச் சாய்க்கப் போகிறார். பைப்பர் குறுக்கே பாய்ந்து ராபர்ட்ஸை அடிக்கிறார். ஹீனன் உருகிவிடுகிறார்: பைப்பர் நல்லவர், அது பாவாடையே இல்லை, கில்ட்தான். சில நொடிகள்தான். பைப்பர் திரும்பி ஃபிளேரையே வெளுக்க ஆரம்பிக்கிறார். உடனே ஹீனன் கத்துகிறார், அது பாவாடைதான் என்று!

கட்சிக்காரனுக்கு நியாயம் எப்படி வளையும் என்பதை அரை நிமிஷத்தில் காட்டிவிட்டார். நாம் சிரிப்பது அவரைப் பார்த்து மட்டுமல்ல. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இதே குட்டிக்கரணத்தை நாமும் அடித்திருப்போம். பக்கத்தில் மான்சூன் வெறுத்துப்போய் அதட்டுவார். வீட்டில் இருக்கும் நம் வாயில் வருவதை அவர் சொல்லிவிடுகிறார், நமக்கு நிம்மதி. சும்மா ஒருவர் பேசி இன்னொருவர் தலையாட்டினால் இது நடக்குமா? கடைசியில், ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட ஹல்க் ஹோகன் கீழே நின்றபடி சித் ஜஸ்டிஸின் கையைப் பிடித்து இழுக்க, ஃபிளேர் பின்னாலிருந்து அவரைத் தூக்கி வெளியே போட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஹீனனுக்குத் தீபாவளி.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

ஐயா, தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "ஊடல்" இருக்கும்போது வேறு சொல் எதற்கு? உள்ளே அன்பு, வெளியே கோபம். அதில் வரும் இன்பத்துக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

வாத்தியாரையா, ஊடல் இரண்டு பேருக்குள் முடிகிற விஷயம். ஊடுகிறவர் எதிரே இருப்பவருக்காக ஊடுகிறார். இவர்கள் மூன்றாவது ஆளுக்காக ஏசிக்கொள்கிறார்கள். பார்க்க ஆளில்லை என்றால் இந்தச் சண்டையே கிடையாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

பங்குனியில் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கிறீர்களா? உறையூர் போய்வந்த பெருமாளைத் தாயார் கதவைச் சாத்தி வெளியே நிறுத்துவார். இரண்டு பக்கத்துக்கும் ஆட்கள் நின்று வாதாடுவார்கள். கூட்டம் அலைமோதும். ஊடலுக்கும் பார்வையாளர் உண்டு, ஐயா.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

இந்த இடத்தில் நான் தோற்றேன். ஆனாலும் ஹீனனும் மான்சூனும் ஊடினார்கள் என்று வசனவரியில் போட்டால் படிக்கிறவன் வேறு மாதிரி நினைப்பான்.

சங்கர் நகரிலிருந்து:

நான் கேட்க நினைத்ததும் இதுதான். எங்க வீட்டுக்காரரும் என் தம்பியும் டிஎன்பிஎல் நடக்கும்போது இப்படித்தான் சண்டை போடுதாங்க. இவர் நெல்லை ராயல் கிங்ஸ், அவன் சேப்பாக். போன தடவை தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சுப் போனவன் மூணு வாரம் வீட்டுப் பக்கம் வரல. சமாதானம் பண்ண நான்தான் அல்வாவோட நடந்தேன். இதுக்கு என்ன சொல்லுன்னு சொல்லுங்க.

பாளையங்கோட்டையிலிருந்து:

அக்கா, அதற்குச் சண்டை என்றே பெயர்.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டு நகர்ந்தால் அது நிஜம். ஹீனன் 1993 டிசம்பரில் அந்த நிறுவனத்தை விட்டுப் போனபோது, மான்சூன் அவரைப் பிடித்து இழுத்துப்போய், பெட்டி படுக்கையோடு அரங்கத்துக்கு வெளியே தள்ளுவதுபோல் காட்டினார்கள். அன்று ராத்திரி ஹோட்டலில் இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக ஹீனனே பிறகு சொல்லியிருக்கிறார். தட்டு நகரவே இல்லை!

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அதே சமயம், நடிப்பாக இருந்தாலே ருசித்துவிடும் என்றும் இல்லை. 2011இல் மைக்கேல் கோலை வில்லன் வர்ணனையாளராக்கி, மேசைக்குப் பதில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள். சக வர்ணனையாளர் ஜெர்ரி லாலரோடு மாதக்கணக்கில் ஏச்சு. கடைசியில் ரெசில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் இருவரும் மேடையேறி மல்லுக்கட்டினார்கள். எனக்குச் சலித்துவிட்டது. ஹீனன் என்ன உளறினாலும் அது மேடையில் நடப்பதைப் பற்றிய உளறல். கோல் பேசியது பெரும்பாலும் கோலைப் பற்றி. அவர் பேசப் பேச, கீழே யார் யாரைத் தூக்கிப் போட்டார்கள் என்பதே காதில் விழாமல் போனது.

நம் வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் குறுக்கே ஏறுக்குமாறாகக் கேட்பார், புலவர் அதட்டுவார், கூட்டம் சிரிக்கும். ஆனால் கதை நிற்காது, அந்த அதட்டலிலேயே ஒரு அடி நகர்ந்திருக்கும். என் ஓட்டு "ஏச்சாட்டம்". ஏச்சும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது.

தென்காசியிலிருந்து:

ஏச்சாட்டமா? வேகமாச் சொன்னா "ஏய்ச்சாட்டம்"னு கேக்கு. ஏய்க்கிறதுன்னா ஏமாத்துறது. சுத்திச் சுத்திப் போலிக்கே வந்துட்டீங்க, போங்க!

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

"பொய்ப்பூசல்" என்று வைத்துக்கொள்ளலாமே. பொய்க்கோபம் என்கிறோம், அதில் யாரும் மோசடியைப் பார்ப்பதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

பொய்ப்பூசல் கட்டுரைக்குப் பொருந்தும் ஐயா, வாயில் வராது. வசனவரிக்கு ஏச்சாட்டத்தைப் போடுகிறேன், தென்காசி அண்ணாச்சி மன்னிக்க. கேஃபேப் அப்படியே கேஃபேப்பாக இருக்கட்டும்.

இன்னொரு முடிச்சு மிச்சமிருக்கிறது. வில்லனுக்காகப் பேசுகிற வர்ணனையாளரை எப்படி அழைப்பது? "வில்லன் வர்ணனையாளர்" என்றால் அவரே அடிதடி செய்கிறவர்போல இருக்கிறது. "வக்காலத்துக்காரர்" என்று ஒன்று மனதில் ஓடுகிறது. தங்கையிடம் இன்னும் காட்டவில்லை.

சங்கர் நகரிலிருந்து:

வக்காலத்துக்காரர் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க மாமியார் அப்படித்தான்.