பாட்டியின் குரலை மற்றவர்களின் டூயட்டிலிருந்து நீக்குவது எப்படி?

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். பால்மரம் சீவிய காலத்தில் பாடிய தாலாட்டை என் பாட்டி லயத்து வீட்டு வாசலில் அமர்ந்து பாட, 47 வினாடிக் காணொளியாகப் பதிவு செய்து கடந்த மார்ச் மாதம் டிக்டாக்கில் ஏற்றினேன். இப்போது ஒருவர் பாட்டி பல்லில்லாமல் பாடுவதைக் கேலி செய்து டூயட் போட்டிருக்கிறார். இன்னொருவர் முதல் சில வினாடிகளை ஸ்டிட்ச் செய்து தைல விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்.

காணொளியின் தனியுரிமை அமைப்பில் Duet, Stitch இரண்டையும் நிறுத்திவிட்டேன். புதியவை வரவில்லை, பழையவை அப்படியே இருக்கின்றன. கேலி செய்தவரைத் தடுத்ததால் அவர் பதிவு என் கண்ணுக்கு மட்டுமே மறைந்தது. தங்கையின் கைத்தொலைபேசியில் இன்னும் ஓடுகிறது. விளம்பரக்காரருக்கு இரு முறை எழுதியும் பதிலில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது ஒலிதான். என் பெயரில் உள்ள மூல ஒலியின் பக்கத்தைத் திறந்தால், பாட்டியின் குரலை மட்டும் எடுத்துத் தங்கள் படங்களுக்குப் பின்னணியாக்கிய 11 காணொளிகள் தெரிகின்றன. இவை டூயட்டும் அல்ல, ஸ்டிட்சும் அல்ல என்பதால் அந்த இரு பொத்தான்களும் இவற்றைத் தொடுவதே இல்லை. பதிவேற்றிய நாளுக்குச் சான்றாக மூலக் காணொளியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பதிப்புரிமைப் புகார் அளித்து வென்றவர்கள் கூறுங்கள்: மூல ஒலியின் பக்கத்தை மட்டும் சுட்டினால் அதைப் பயன்படுத்திய எல்லாக் காணொளிகளிலும் குரல் நீங்குமா, அல்லது ஒவ்வொன்றின் இணைப்பையும் தனித்தனியே கொடுக்க வேண்டுமா?