வாகனப் புகையா, குப்பைப் புகையா? இரண்டும் ஒரே திசையில் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலைக்குத் தெற்கே எங்கள் வீடு. மொட்டைமாடியில் SDS011 என்ற தூசி சென்சாரும், பக்கத்திலேயே காற்றுத் திசைகாட்டியும் வேகமானியும் வைத்திருக்கிறேன். நவம்பரிலிருந்து நிமிடத்துக்கு ஒரு அளவு பதிவாகிறது.

சிக்கல் இதுதான்: வடக்கே முதலில் நெடுஞ்சாலை, அதைத் தாண்டிப் பாலாற்றங்கரை. அங்கே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள். வடக்குக் காற்றில் இரண்டு புகையும் ஒன்றாகத்தான் வருகின்றன.

சரி, நேரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று மணிவாரிச் சராசரி போட்டேன். காலை 6 முதல் 8 வரை ஏறுகிறது. ஆனால் அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால், வண்டி கூடாமலே அளவு ஏறும். பனிமூட்டத்தில் இந்தச் சென்சார் ஈரத்துளியையும் தூசி என்று எண்ணிவிடும். அதனால் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நேரங்களை நீக்கினேன். காற்று நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் திசைகாட்டியை நம்ப முடியாது, அவற்றையும் நீக்கினேன். அப்புறம் பார்த்தால் விடியற்காலைப் பதிவில் பாதி காணோம்!

மிச்சத்தில் ஒன்று கண்ணில் பட்டது. போன செவ்வாய் இரவு 9.40க்கு பி.எம். 2.5 என்னும் நுண்தூசி அளவு 45லிருந்து 190க்குப் பத்தே நிமிடத்தில் தாவியது. காற்று கொஞ்சம் கிழக்கே திரும்பியதும் சட்டென்று விழுந்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றமும் இருந்தது. நெடுஞ்சாலை நீளக் கோடு என்பதால், காற்று சற்றுத் திரும்பினாலும் அதன் புகை இப்படி அறுந்து போகாது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா நாளும் இவ்வளவு தெளிவாக இல்லை.

வண்டிப் புகையை அடையாளம் காண நைட்ரஜன் டை ஆக்சைடு சென்சார் ஒன்றைச் சேர்த்தால் இரண்டையும் பிரிக்க முடியுமா, அல்லது நெடுஞ்சாலைக்கு வடக்கே இரண்டாவது தூசி சென்சார் வைப்பதுதான் வழியா?